திடநிலை பேட்டரி: திரவத்தை நீக்கிய பிறகு

கைபேசியிலும் மின்சாரக் காரிலும் உள்ள லித்தியம் அயனி பேட்டரியில் இரு மின்முனைகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கிறது. லித்தியம் உப்பு கரைந்த கரிமக் கரைப்பான் அது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் இதன் வழியே எதிர்முனைக்குப் போகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். திடநிலை பேட்டரியில் அதன் இடத்தில் அயனிகளைக் கடத்தும் பீங்கான், சல்பைடு அல்லது பாலிமர் படலம் இருக்கும்.

தீ அபாயம் குறைவது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை எதிர்முனையில் கிடைக்கக்கூடும். இன்று அங்கே இருப்பது கிராஃபைட். ஒரு கிராம் கிராஃபைட் சுமார் 372 மில்லிஆம்பியர்-மணி மின்னேற்றத்தைத் தாங்கும். லித்தியம் உலோகமோ ஒரு கிராமில் சுமார் 3,860 தாங்கும். ஆனால் திரவத்தில் லித்தியம் உலோகம் சீராகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்து மறுமுனையைத் தொட்டுவிடும். கெட்டியான திடப்பொருள் அந்த ஊசிகளைத் தடுக்கும் என்பதே எதிர்பார்ப்பு.

2007-இல் முருகன், தங்கதுரை, வெப்னர் ஆகிய மூவரும் லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் கலந்த ஆக்சைடுப் பீங்கான் ஒன்றை (Li₇La₃Zr₂O₁₂) அறிவித்தார்கள். அறை வெப்பநிலையிலேயே அது அயனிகளை நன்கு கடத்தியது. லித்தியம் உலோகத்தைத் தொட்டும் பெரிதாகச் சிதையவில்லை. ஆனாலும் ஊசிகள் அதற்குள்ளும் நுழைந்தன.

அதன் காரணம் இரு திடப்பொருள்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிஆம்பியர்-மணி மின்னேற்றினால் ஏறக்குறைய 15 மைக்ரான் தடிமனுக்கு லித்தியம் படிகிறது. மின்சாரத்தை எடுக்கும்போது அது அத்தனையும் கரைந்து போகிறது. திரவமாக இருந்தால் காலியான இடத்தில் தானே வழிந்து நிரம்பும். பீங்கானால் அது முடியாது. மின்சாரத்தை வேகமாக எடுத்தால், லித்தியம் போன இடத்தில் நுண்ணிய வெற்றிடங்கள் உருவாகி மின்தடை ஏறுகிறது. அடுத்த முறை மின்னேற்றும்போது மீதமுள்ள சில தொடுபுள்ளிகளிலேயே மின்னோட்டம் முழுவதும் குவிகிறது. மென்மையான லித்தியம் அங்கே பீங்கானின் நுண்விரிசலுக்குள் திணிக்கப்பட்டு, விரிசலைப் பிளந்துகொண்டு முன்னேறுகிறது. மறுமுனையை எட்டியதும் மின்னழுத்தம் சட்டென விழும். குறுக்குச்சுற்று ஏற்பட்டதற்கு அதுவே அடையாளம். பேட்டரியை இறுக அழுத்தி வைத்தால் வெற்றிடங்கள் குறையும்; ஆனால் அழுத்தும் சட்டங்களின் எடை, மிச்சமான எடையை விழுங்கிவிடும்.

தயாரிப்பிலும் சிக்கல் உண்டு. இந்தப் பீங்கானை அடர்த்தியாக்க 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சுட வேண்டும். அந்தச் சூட்டில் லித்தியத்தில் ஒரு பகுதி ஆவியாகிறது. மெல்லிய தகடாக வார்த்தால் எளிதில் உடைகிறது. காற்றில் வைத்தால் மேற்பரப்பில் லித்தியம் கார்பனேட் படிந்து, உலோகத்தோடு ஒட்டவிடாமல் செய்கிறது.

சல்பைடுகள் மென்மையானவை. சுடாமல் அழுத்தினாலே படிந்துவிடும். ஈரம் பட்டால் நச்சான ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும் என்பதால், ஈரம் நீக்கிய அறையில்தான் கையாள வேண்டும். பாலிமர் படலத்தைச் செய்வது எளிது. ஆனால் வழக்கமான வகைகள் சுமார் 60 டிகிரிக்குச் சூடேறினால்தான் அயனிகளைப் போதிய அளவு கடத்தும். 2011-இல் பாரிஸின் வாடகைக் கார் திட்டத்தில் ஓடிய பாலிமர் பேட்டரிக் கார்களில், நிறுத்தியிருந்தபோதும் பேட்டரியைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருந்தது.