ஒரு ஜோக்குக்கு எத்தனை மார்க்? ஒரு நடுவரின் கணக்கு

கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் நகைச்சுவைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பத்துப் போட்டியாளர்கள், மூன்று நடுவர்கள். கையில் கொடுத்த தாளில் 'நகைச்சுவை: 20 மதிப்பெண்' என்று ஒரே ஒரு வரிதான். சிரிப்பு வந்தா மார்க் போட வேண்டியதுதானே, இதுல என்ன கஷ்டம்னு நானும் நினைத்தேன்.

மூன்றாவதாக வந்த மாணவி மலை மேல் ஊர்க்காரர். அவர் சொன்னது இது: கொல்லிமலைப் பாட்டி முதல் முறையாகச் சென்னைக்குப் பஸ்ஸில் போகிறார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பதறிப்போய் கண்டக்டரைக் கூப்பிடுகிறார். "ஏம்ப்பா, பத்து மைலா வண்டி திரும்பவே இல்லையே, டிரைவர் தூங்கிட்டாரா?"

காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அது தெரிந்தவர்களுக்குக் கடைசி வார்த்தையில் சிரிப்பு வெடித்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த மூன்றாவது நடுவர் 9 போட்டார். நான் 15, இரண்டாவது நடுவர் 16. ஆக 40.

ஏழாவதாக வந்த மாணவர் நடிகர்கள் குரலில் மிமிக்ரி செய்தார். எனக்கு 13, இரண்டாமவருக்கு 14, மூன்றாமவருக்கு 17. மொத்தம் 44. முதல் பரிசு அவருக்குப் போனது. மூவரில் இருவர் அந்த மாணவியைத்தான் மேலே வைத்திருந்தோம் என்பது வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பரிசை அதற்குள் கொடுத்தாகிவிட்டது.

யாரும் ஏமாற்றவில்லை. நான் பத்துப் பேருக்கும் 11 முதல் 15-க்குள்ளேயே போட்டிருந்தேன். இரண்டாமவர் 12 முதல் 16. மூன்றாமவரோ 4-லிருந்து 17 வரை விரித்துப் போட்டிருந்தார். வெறும் கூட்டலில், விரித்துப் போடுகிறவர் கைதான் ஓங்கும். எங்கள் இருவருடைய 2 மார்க் வித்தியாசம் அவருடைய 8 மார்க் வித்தியாசத்தின் முன் காணாமல் போய்விட்டது.

இதைச் சரிசெய்யும் கணக்கு பழையது. ஒவ்வொரு நடுவரும் கொடுத்த மார்க்கிலிருந்து (x) அவருடைய சராசரியை (m) கழித்து, அவருடைய திட்ட விலக்கத்தால் (s) வகுக்க வேண்டும்:

```
z = (x - m) / s
```

என் சராசரி 13, விலக்கம் 1. இரண்டாமவருக்கு 14, 1. மூன்றாமவருக்கு 10, 4. இப்போது மாணவிக்கு 2 + 2 − 0.25 = 3.75. மிமிக்ரி மாணவருக்கு 0 + 0 + 1.75 = 1.75. வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கு சர்வரோக நிவாரணி இல்லை. நாலைந்து பேரே போட்டியிட்டால் சராசரியையே நம்ப முடியாது. ஒரு நடுவர் எல்லாருக்கும் ஒரே மார்க் போட்டால் s பூஜ்யம், வகுக்கவே முடியாது. எந்தக் கணக்கு என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவிக்கவும் வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு கணக்கை மாற்றினால் அது வேறு வகை அநியாயம்.

அதைவிட முக்கியம், மிமிக்ரிக்கும் ஜோக்குக்கும் ஒரே கட்டத்தில் மார்க் போட்டது. அந்த 20-ஐ நான்காகப் பிரித்திருக்க வேண்டும்: எதிர்பாராத முடிவு, கட்டமைப்பு, சொல்லும் விதம், சொந்தச் சரக்கு. தலைக்கு 5. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதிவைக்க வேண்டும். உதாரணமாக, முடிவுக்கு 1 என்றால் 'பாதியிலேயே ஊகித்துவிட்டேன்'. 5 என்றால் 'ஊகிக்கவே இல்லை, கேட்டதும் சரிதானே என்று பட்டது'. பாட்டி ஜோக்குக்கு இதில் 5. சிரிப்பை உண்டாக்கும் சொல் கடைசியில் வருவதால் கட்டமைப்பிலும் 5. மிமிக்ரிக்குச் சொல்லும் விதத்தில் 5 கொடுக்கலாம், சொந்தச் சரக்கில் முடியாது. கைதட்டலுக்குத் தனிக் கட்டம் வேண்டாம். நண்பர் கூட்டத்தோடு வருபவர் அதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு யோசனையை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜெஸ்டர் திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். 1999 முதல் 2003 வரை 73,421 பேர் அங்கே 100 ஜோக்குகளுக்கு −10 முதல் +10 வரை மார்க் போட்டார்கள். எல்லாரும் முதலில் ஒரே பத்து ஜோக்குகளுக்கு மார்க் போட வேண்டும். அதை வைத்துத்தான் ஒருவர் ரசனையை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டார்கள். நமக்கு மூன்று போதும். போட்டி தொடங்குமுன் நடுவர்கள் சேர்ந்து மூன்று ஜோக் கேட்டு, தனித்தனியாக மார்க் போட்டு, தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் 6, இன்னொருவர் 15 என்றால் ஏன் என்று அப்போதே பேசிவிடலாம். ஊர் விவரம் தெரியாத நடுவர் 'இதுல சிரிக்க என்ன இருக்கு?' என்று கேட்கவும் அதுதான் இடம். எங்கள் மேடையில் அப்படிக் கேட்க வாய்ப்பே இல்லாததால்தான் அந்த 9 விழுந்தது.

அடுத்த வருடம் கூப்பிட்டால், அந்தப் பாட்டி ஜோக்கைத்தான் முதல் மாதிரியாக எடுத்துப் போவேன்.