தீபாவளி ஆர்டர் நேரத்தில் திருடுபோன வாட்ஸ்அப்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். மதுரையில் வீட்டு முன்கூடத்திலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் அத்தைக்கு அதற்குள் ஜாக்கெட்டுகள் குவிந்துவிட்டன. கழுத்து டிசைன் படம், 'லைனிங் வைக்கணுமா?' என்ற கேள்வி, முன்பணம் எல்லாமே வாட்ஸ்அப் பிசினஸ் வழியாகத்தான் வரும்.

ஒரு மாலை, வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் டீச்சரின் நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, எனக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் தப்பா உங்க நம்பருக்கு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்." எஸ்.எம்.எஸ்.ஸில் எண் இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதன் கீழேயே எழுதியும் இருந்தது. கேட்பவர் தெரிந்தவர்தானே என்று அத்தை அனுப்பிவிட்டார். டீச்சரின் கணக்கு முந்தைய நாளே திருடுபோனது அவருக்குத் தெரியாது. சில நிமிடங்களில் அத்தையின் வாட்ஸ்அப் மூடிக்கொண்டது.

அரைமணி நேரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "ஆர்டரை உறுதி பண்ண ஐந்நூறு ரூபாய் அனுப்பச் சொல்லி க்யூ.ஆர். போட்டிருக்கீங்களே, போன வாரமே முன்பணம் கொடுத்துட்டேனே?" அப்போதுதான் விஷயம் புரிந்தது. அத்தை உடனே அண்ணன் மகனைக் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் பையன்.

அவன் முதலில் கேட்டது, "அத்தை, சிம்மில சிக்னல் இருக்கா? வேற நம்பருக்குப் பேச முடியுதா?" என்பதுதான். அந்தக் கேள்வி முக்கியமானது. சிம்மே செத்துக் கிடந்தால், நம்பரையே யாரோ வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். அப்போது முதலில் ஓட வேண்டியது சிம் கொடுத்த நிறுவனத்திடம். சிக்னல் இருந்தால் சாவி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப் ஒருவரை அடையாளம் காண்பது அந்த நம்பருக்கு அனுப்பும் ஆறு இலக்க எண்ணை வைத்துத்தான்.

"அத்தை, செயலியை மட்டும் அழிச்சிராதீங்க. பழைய டிசைன் படமெல்லாம் போயிரும்" என்றபடி, அதே போனில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்தான். புதிய எண் வந்தது, போட்டான். உடனே திரை வேறொரு பின் எண்ணைக் கேட்டது. திருடன் தன் பங்குக்கு இரண்டாம் பூட்டு போட்டிருந்தான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏழு நாள் அவன் எல்லாரையும் ஏமாத்துவானேடா!"

"இல்லத்தை. நாம எஸ்.எம்.எஸ். எண்ணைப் போட்டதுமே அவன் வெளியே போயிட்டான். திரும்ப நுழையணும்னா அந்த எண் உங்க சிம்முக்குத்தான் வரணும். நீங்க யாருக்கும் கொடுக்காம இருந்தா போதும்."

பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். உள்ளே போக முடியவில்லை என்றால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஏழு நாளும் கதவு இருவருக்கும் மூடியிருக்கிறது; திருடனால் புதிதாக எதுவும் அனுப்ப முடியாது. பின் எண்ணை ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை, காத்திருக்கும் நேரம்தான் நீளும்.

ஆனால் முன்பே போன செய்திகள் போனதுதான். வாடிக்கையாளர்களை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்? பழைய உரையாடல்கள் அத்தையின் போனில்தான் இருக்கின்றன, அவற்றை அவன் பார்த்திருக்க முடியாது. குழுக்கள் அப்படியல்ல, அவை கணக்கோடு சேர்ந்தே போகும். அத்தை நடத்திய 'தீபாவளி ஆர்டர்' குழுவில் எல்லா வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

கைகொடுத்தது அத்தையின் அளவு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மார்பளவு, கை நீளத்துக்கு மேலே பெயரும் போன் நம்பரும் இருந்தன. இருவரும் பக்கம் பக்கமாகப் புரட்டி ஒவ்வொருவரையும் அழைத்தார்கள். ஒருவர் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தார். அவரை உடனே 1930-க்குப் பேசச் சொன்னான் பையன். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது, cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழியுண்டு. தாமதமானால் அந்த வாய்ப்பு குறையும்.

எட்டாம் நாள் கணக்கு திறந்தது. பையன் முதலில் Settings-இல் Account பகுதிக்குப் போய், Two-step verification-இல் அத்தைக்கென்று பின் எண் வைத்து, மீட்பதற்கு ஒரு மின்னஞ்சலும் சேர்த்தான். பிறகு Linked devices-ஐத் திறந்து, தெரியாத கருவி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான். கடை விவரத்திலும் பொருள் படங்களிலும் அந்நியரின் க்யூ.ஆர். நுழைந்திருக்கிறதா என்றும் சரிபார்த்தான். இந்தப் பின் எண்ணை முன்பே வைத்திருந்தால், ஆறு இலக்க எண் கைமாறிய பிறகும் திருடனால் உள்ளே நுழைந்திருக்க முடியாது.

தைக்கக் கொடுத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கேட்டுச் செய்தி வந்தால், பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் உங்கள் தையற்காரருடையதுதானா என்று பாருங்கள். வேறு பெயராக இருந்தால் அவரையே போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.