புத்தக மதிப்பு வங்கியிடம் சொல்வதும் மென்பொருளிடம் சொல்லாததும்

ஒரு நிறுவனத்தின் சொத்திலிருந்து அது தரவேண்டிய பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவது நிகர மதிப்பு. அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் புத்தக மதிப்பு கிடைக்கும். சந்தை விலை அதைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் பி.பி. விகிதம்.

வங்கிக்கு இது பொருந்தக் காரணம், அதன் சரக்கே பணம் என்பதுதான். கொடுத்த கடன், வாங்கிய கடன் பத்திரம், பெற்ற டெபாசிட் எல்லாம் ரூபாயிலேயே ஏட்டில் இருக்கின்றன. தவிர, நிகர மதிப்பை வைத்துத்தான் ஒரு வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி எல்லை வகுக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வங்கி கொடுத்த கடன் 1,000 கோடி ரூபாய், டெபாசிட் 900 கோடி, நிகர மதிப்பு 100 கோடி, பங்குகள் 10 கோடி. புத்தக மதிப்பு 10 ரூபாய். பங்கு 8 ரூபாய்க்குக் கிடைத்தால் விகிதம் 0.8, மலிவு என்று தோன்றும். ஆனால் கடனில் 5 சதவீதம் திரும்பாது என்று தெரியவந்தால் 50 கோடி போய்விடும். புத்தக மதிப்பு 5 ரூபாயாகும். அதே 8 ரூபாய் இப்போது 1.6 மடங்கு.

யெஸ் வங்கியில் இதுதான் நடந்தது. 2019 மார்ச்சில் நிகர மதிப்பு சுமார் 26,900 கோடி. அந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் மட்டும் நஷ்டம் 18,564 கோடி. 2020 மார்ச்சில் ஸ்டேட் வங்கி பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் கொடுத்து உள்ளே வந்தது. ஆகவே வங்கிப் பங்கைப் பார்ப்பவர்கள் நிகர வாராக்கடனை நிகர மதிப்பிலிருந்து கழித்துவிட்டு விகிதத்தைக் கணக்கிடுவது நல்லது. வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டறிந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அதை வங்கி வெளியிட்டாக வேண்டும். அந்தக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்; யெஸ் வங்கி விஷயத்தில் 2019 நவம்பரிலேயே அது வெளிவந்துவிட்டது.

மென்பொருள் நிறுவனத்தில் இந்த அளவுகோல் பயன்படாது. பொறியாளர்களின் திறமையும் வாடிக்கையாளர் உறவும் ஏட்டில் ஏறுவதில்லை. அவற்றை உருவாக்கக் கொடுத்த சம்பளம் பெரும்பாலும் அந்த ஆண்டுச் செலவாகவே எழுதப்படுகிறது. டிசிஎஸ் 2022-இல் 18,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. அப்படி வாங்கும்போது கையிருப்புப் பணமும் நிகர மதிப்பும் குறைகின்றன, தொழில் அப்படியே இருக்கிறது. விலை மாறாவிட்டாலும் விகிதம் ஏறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: வேறு நிறுவனத்தை விலைக்கு வாங்கினால் அதன் நற்பெயர் சொத்தாக ஏட்டில் ஏறும், தானே வளர்த்த நற்பெயர் ஏறாது. அதனால் இரண்டு மென்பொருள் நிறுவனங்களைக்கூட இந்த விகிதத்தால் ஒப்பிட முடியாது. அங்கே லாபத்தையும் கையில் வரும் ரொக்கத்தையும்தான் பார்க்க வேண்டும்.