‘இந்தியா’ என்று காட்டும் சர்வர் இந்தியாவில்தான் இருக்கிறதா? கேம் லேக்கும் வி.பி.என் கணக்கும்!

ஆன்லைன் கேம் விளையாடும்போது எதிரியைக் குறிபார்த்துச் சுடுகிறீர்கள். திரையில் குண்டு பட்டதுபோலத்தான் தெரிகிறது. ஆனால், அடுத்த நொடி விழுந்து கிடப்பது நீங்கள்! இதைத்தான் ‘லேக்’ என்று திட்டித் தீர்க்கிறார்கள் கேமர்கள். “வி.பி.என் போடு, பக்கத்துல இருக்கற சர்வரா பார்த்து செலக்ட் பண்ணு, லேக் போயிடும்” என்று நண்பர்கள் சொல்லும் யோசனையில் பாதிதான் உண்மை. எது ‘பக்கம்’ என்று தெரியாமல் சர்வரைத் தேர்ந்தெடுத்தால், கொடுத்த சந்தா காசும் போய், லேக்கும் கூடிவிடும்.

பிங் என்பது தூரக் கணக்கு

கேம் திரையின் மூலையில் 40 ms, 90 ms என்று ஓடும் எண்தான் பிங். உங்கள் போனிலிருந்து புறப்பட்ட தகவல் கேம் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர ஆகும் நேரம் அது. ஒரு ms என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஃபைபர் கேபிளுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. போய்த் திரும்ப வேண்டும் என்பதால், ஒவ்வொரு 100 கி.மீ. தூரத்துக்கும் பிங்கில் 1 ms கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும், எவ்வளவு பெரிய பிளானாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

ரிஷிவந்தியத்திலிருந்து மும்பைக்கு...

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியத்தில் ஒரு கல்லூரி மாணவர் ‘வேலரன்ட்’ விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த கேமுக்கு மும்பையில் சர்வர் உண்டு. அவருடைய நெட் சென்னை வழியாக மும்பை போகிறது என்றால், ஊரிலிருந்து சென்னைக்குச் சுமார் 200 கி.மீ., சென்னையிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,300 கி.மீ. ஆக மொத்தம் 1,500 கி.மீ. கேபிளில் மட்டும் 15 ms போதும். வழியில் உள்ள கருவிகள், வீட்டு வைஃபை எல்லாம் சேர்ந்து நிஜத்தில் 30, 40 என்று காட்டும். விளையாட அது தாராளம்.

இப்போது அவர் வி.பி.என் ஆப்பைத் திறந்து, ‘இருப்பதிலேயே பக்கம்’ என்று இந்தியக் கொடி போட்ட சர்வரைத் தொடுகிறார். பிங் குறைய வேண்டும்தானே? ஆனால், 100-ஐத் தாண்டி எகிறுகிறது. என்ன காரணம்?

2022-ல் நடந்த இடமாற்றம்

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. எண் போன்ற விவரங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்றது அது. ‘எந்த விவரத்தையும் சேமிக்க மாட்டோம்’ என்று சொல்லியே வியாபாரம் செய்யும் எக்ஸ்பிரஸ் வி.பி.என், சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என் போன்றவை, அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொள்வதாக அறிவித்தன.

இந்திய ஐ.பி. எண் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களை இழக்கவும் அவற்றுக்கு மனமில்லை. அதனால் வந்ததுதான் ‘விர்ச்சுவல் லொக்கேஷன்’. ஐ.பி. எண் இந்தியாவுடையது, ஆனால், சர்வர் இருப்பது வேறு நாட்டில். எக்ஸ்பிரஸ் வி.பி.என் இதை `India (via Singapore)`, `India (via UK)` என்று பட்டியலிலேயே வெளிப்படையாகக் காட்டியது. எல்லா ஆப்பிலும் இப்படிப் பெயரிலேயே தெரியும் என்று சொல்ல முடியாது.

சும்மா வெப்சைட் பார்ப்பவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. கேமருக்கோ அதுதான் எல்லாமே. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. நம் மாணவரின் தகவல் சென்னை வந்து, கடல் கடந்து சிங்கப்பூர் போய், அதே தூரம் திரும்பி வந்து, பிறகு மும்பை போகிறது என்றால் ஒரு வழிக்கே 7,900 கி.மீ. ஆகிறது. பிங்கில் 79 ms தூரத்துக்கு மட்டுமே போய்விடும். மற்ற தாமதங்களும் சேர்ந்தால் 100-ஐத் தாண்டுவதில் ஆச்சர்யமில்லை. மூக்கைச் சுற்றிக் காதைத் தொட்ட கதைதான்!

கண்டுபிடிப்பது எப்படி?

‘என் ஐ.பி. என்ன’ என்று காட்டும் வெப்சைட்டை நம்ப வேண்டாம். ஐ.பி. எண் இந்தியக் கணக்கில் இருப்பதால் அது இந்தியா என்றே சொல்லும். நிறுவனத்தின் சர்வர் பட்டியலில் `Virtual` என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட உறுதியான சாட்சி, பிங்தான்.

சில வி.பி.என் ஆப்கள் ஒவ்வொரு சர்வருக்கும் பக்கத்திலேயே பிங்கைக் காட்டும். வி.பி.என்னை இணைக்காத நிலையில் அதைப் பாருங்கள். சிங்கப்பூருக்குப் போய்வர 30 ms-க்குக் குறைவாக ஆகவே ஆகாது. எனவே, இந்திய சர்வர் 20 ms காட்டினால் அது சிங்கப்பூரில் இருக்க வாய்ப்பே இல்லை. இந்தியாவும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால், இரண்டும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். ஆப்பில் பிங் தெரியவில்லையா? வி.பி.என் இல்லாமலும், போட்டும் கேமிலேயே பிங்கை ஒப்பிடுங்கள். 35 இருந்தது 120 ஆகிவிட்டால் தகவல் ஊர் சுற்றுகிறது என்று அர்த்தம்.

எந்தச் சர்வர் சரி?

வி.பி.என் சர்வர் உங்களுக்குப் பக்கமாக இருந்தால் மட்டும் போதாது. உங்கள் ஊருக்கும் கேம் சர்வருக்கும் நடுவே, போகிற வழியில் இருக்க வேண்டும். கேம் மும்பையில் என்றால் நிஜமாகவே சென்னையிலோ, மும்பையிலோ உள்ள சர்வர் சரி. கேம் சர்வரே சிங்கப்பூரில் என்றால், சிங்கப்பூர் வி.பி.என் சரியான தேர்வு. எப்படியும் அந்த வழியில்தான் போகப்போகிறீர்கள். அப்போது மும்பை வி.பி.என் போட்டால், மேற்கே போய்விட்டுக் கிழக்கே திரும்புவதுபோல ஆகிவிடும்.

வி.பி.என் உதவும் இடம்... உதவாத இடம்

பொதுவாக, வழியில் இன்னொரு நிறுத்தம் சேர்வதால் வி.பி.என் பிங்கைக் கொஞ்சம் கூட்டவே செய்யும். குறைப்பது ஒரு சூழ்நிலையில்தான். உங்கள் நெட் நிறுவனம் கேம் சர்வருக்குச் சுற்றுவழியிலோ, நெரிசலான வழியிலோ அனுப்பினால், வி.பி.என் வேறு நல்ல வழியைப் பிடித்துத் தரலாம். இதற்கு அடையாளம் உண்டு. வீடியோ கால் தெளிவாக இருக்கும், ஸ்பீடு டெஸ்ட்டில் சென்னை சர்வருக்கு பிங் குறைவாக இருக்கும், அந்த ஒரு கேமில் மட்டும் பிங் எகிறும்.

பிரச்னை வீட்டுக்குள் என்றால் எந்த வி.பி.என்னும் உதவாது. கம்ப்யூட்டர் இருந்தால் வைஃபை ரவுட்டருக்கே பிங் போட்டுப் பார்க்கலாம்:

```
ping 192.168.1.1
```

ரவுட்டர் முகவரி வேறு என்றால் அதைப் போடுங்கள். ஒற்றை இலக்கத்தில் நிலையாக வந்தால் வீட்டில் குறையில்லை. 5, 80, 12, 150 என்று தாவினால் கோளாறு வைஃபையில்தான். ரவுட்டர் பக்கத்தில் வந்து விளையாடுங்கள், அல்லது கேபிளில் இணையுங்கள். மொபைல் டேட்டாவில் சிக்னல் குறையும்போதும், மாலையில் டவரில் கூட்டம் கூடும்போதும் பிங் தாவுவது இப்படித்தான்.

காசு கட்டும் முன்...

நீங்கள் வழக்கமாக விளையாடும் அதே நேரத்தில், முதலில் வி.பி.என் இல்லாமல் இரண்டு மேட்ச் ஆடி, பிங்கின் குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் எழுதிவையுங்கள். பிறகு வி.பி.என் போட்டு அதேபோல் இரண்டு மேட்ச். குறைந்த எண்ணைவிட, ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். 30-க்கும் 90-க்கும் தாவுகிற நெட்டைவிட, 45-ல் நிலையாக நிற்கும் நெட்டில் குறி தப்பாது. ஆப் செட்டிங்ஸில் `WireGuard` இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். `OpenVPN (TCP)` பொதுவாக இன்னும் தாமதமாக்கும்.

சில கேம்களின் விதிகள் வி.பி.என்னை அனுமதிப்பதில்லை, கணக்கே முடக்கப்படலாம் என்பதால் விதிகளைப் படித்துவிடுங்கள். எண்கள் குறையவில்லை என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் நாள் முடிவதற்குள் சந்தாவை ரத்து செய்துவிடுவதே லாபம்.