ஆறு நிமிடத்திலிருந்து நாற்பது விநாடிக்கு

மொபைலில் எடுத்த வீடியோவை எடிட் செய்யும்போது வேலைகளைச் செய்யும் வரிசை முக்கியம். முதலில் வெட்டு, அடுத்து வேகம், கடைசியில் எழுத்து. எழுத்தை முதலிலேயே பதித்துவிட்டால், பிறகு ஒரு ஷாட்டில் இரண்டு விநாடி குறைத்தாலும் அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் இடம் மாறிப் பொருந்தாத காட்சியில் போய் நிற்கக்கூடும்.

வீட்டில் ஃபில்டர் காபி போடுவதைப் படம்பிடித்த ஏழு கிளிப்புகளை எடுத்துக்கொள்ளலாம். மொத்த நீளம் ஆறு நிமிடம். இதை வி.என். போன்ற ஓர் இலவச ஆப்பில் திறந்தால், திரையின் கீழ்ப்பகுதியில் கிளிப்புகள் வரிசையாக ஒரு பட்டையாகத் தெரியும். அதுதான் டைம்லைன். பட்டையை விரலால் நகர்த்தி, நடுவில் நிற்கும் கோட்டுக்கு நேராக வெட்ட வேண்டிய இடத்தைக் கொண்டுவந்து Split பொத்தானைத் தொட்டால் கிளிப் இரண்டாகும். வேண்டாத துண்டை நீக்கிவிடலாம். மொபைலில் உள்ள அசல் வீடியோவுக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை.

ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கை ஆடிய பகுதிதான் முதலில் போக வேண்டியது. அடுத்த கேள்வி, ஒரு ஷாட்டிலிருந்து மற்றொன்றுக்கு எங்கே மாறுவது என்பது. அசைவின் நடுவில் மாறினால் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கை சாய்க்கத் தொடங்கும்போது தூரக் காட்சியை முடித்து, நீர் பொடியின் மேல் விழும் கிட்டக் காட்சிக்குத் தாவினால் இரண்டும் ஒரே செயலாகத் தோன்றும். மாறாக, ஒரே கோணத்தில் எடுத்த ஷாட்டின் நடுவிலிருந்து சில விநாடிகளை எடுத்துவிட்டால், கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திடீரெனக் குதிக்கும். அந்த இடத்தில் பால் பொங்குவது போன்ற வேறொரு கிட்டக் காட்சியைச் செருகினால் குதிப்பு மறைந்துவிடும். யாராவது பேசும் காட்சி என்றால், கடைசிச் சொல் முடிந்து ஒரு நொடிப்பொழுது விட்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் சொல்லின் வால் அறுந்து கேட்கும்.

வேகம் என்பது எல்லா ஷாட்டையும் குறுக்குவது அல்ல. பார்ப்பவருக்கு விஷயம் புரிந்த கணத்தில் ஷாட் முடிய வேண்டும். பொடியை அமுக்குவது 5 விநாடி, வெந்நீர் ஊற்றுவது 6, டிகாஷன் சொட்டுவது 4, பால் பொங்குவது 6, கலப்பது 5, டபராவில் ஆற்றுவது 10, நுரை ததும்பும் டம்ளர் 4. மொத்தம் 40 விநாடி. ஆற்றுவதுதான் பார்க்க அழகான பகுதி. அதனால் அதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம். டிகாஷன் இறங்கும் காட்சியை எட்டு மடங்கு வேகமாக ஓட்டினால் 32 விநாடிக் காட்சி நாலு விநாடியில் அடங்கும். வேகம் கூட்டிய துண்டில் ஒலி கிறீச்சிடும் என்பதால் அதன் ஒலியை அணைத்துவிடுவது நல்லது.

வெட்டும் நீளமும் முடிவான பிறகே எழுத்து. திரையில் தெரிவதையே எழுத்தில் திரும்பச் சொல்லத் தேவையில்லை. படம் சொல்லாததை மட்டும் எழுதினால் போதும். ‘பால் பொங்குகிறது’ என்பது வீண். ‘20 நிமிடம் கழித்து’ என்பது தேவை. ஒரு வரியில் நாலைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். எழுத்தை நிதானமாக இரண்டு முறை வாசிக்க ஆகும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும். வெள்ளை நுரையின் மேல் வெள்ளை எழுத்து கரைந்துவிடும் என்பதால், எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டையோ கருங்கோடோ வைக்கலாம். செங்குத்து வீடியோவில் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் சமூக ஊடகங்களின் தலைப்பும் பொத்தான்களும் மறைக்கும். எழுத்துக்குப் பாதுகாப்பான இடம் நடுவுக்குச் சற்று மேலே. ஆப்பில் உள்ள எழுத்துரு தமிழுக்குப் பொருந்துகிறதா என்பதை ‘கொ’, ‘பௌ’ போன்ற எழுத்துகளை அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கொம்பு இடம் மாறினாலோ புள்ளி வட்டம் தோன்றினாலோ வேறு எழுத்துருவுக்கு மாற வேண்டும்.

முடிந்ததும் ஒரு முறை ஒலியை அணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கதை புரிந்தால் வெட்டும் எழுத்தும் சரி. இன்னொரு முறை திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். ஒலி திடீரென ஏறி இறங்கும் இடங்கள் அப்போது பிடிபடும். அவற்றைத் திருத்திவிட்டு Export தொட்டு, 1080p, விநாடிக்கு 30 ஃப்ரேம் என்ற அளவில் சேமித்தால் மொபைலில் பார்ப்பதற்கு அந்தத் தெளிவு போதும்.