சுடர் ஆட எத்தனை ஃபிரேம் வேண்டும்?

காற்றில் ஆடும் குத்துவிளக்குச் சுடரை ஒருவர் ஃபோனில் எடுத்து, 4 விநாடி ஜிஃப் ஆக மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 640 பிக்சல், உயரம் 360. விநாடிக்கு 25 வீதம் மொத்தம் 100 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 2,30,400 பிக்சல் என்றால், நூறுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த இந்தப் பழைய கோப்பு வகைக்கு, வீடியோவைப் போல ‘அந்தப் பொருள் இந்தப் பக்கம் நகர்ந்தது’ என்று சுருக்கிச் சொல்லத் தெரியாது. ஃபைல் வீங்கிப்போவது அதனால்தான்.

முதலில் கை வைக்க வேண்டியது அளவில். அகலத்தை 320 ஆக்கினால் உயரமும் பாதியாகி, பிக்சல்கள் கால்வாசியாகிவிடும். இரண்டுக்கு ஒன்றாக ஃபிரேமையும் எடுத்துவிட்டால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஃபிரேமை எடுக்கும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் நிற்கும் நேரம், விநாடியில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்கும். இங்கே அது 4. அதை 8 ஆக்க மறந்தால், மிஞ்சிய 50 ஃபிரேமும் 2 விநாடியில் ஓடி முடியும். சுடருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஏற்கெனவே சுருக்கிய ஜிஃப் என்றால் இன்னொரு சிக்கல். அதில் பல ஃபிரேம்கள் முந்தையதிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே வைத்திருக்கும். நடுவில் ஒன்றை உருவினால் பழைய சுடரின் நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எனவே ஃபிரேம்களை முதலில் முழுப் படங்களாக விரித்துக்கொள்ள வேண்டும். ஜிஃப்சிகிள் என்ற இலவச மென்பொருளில் அந்த வேலையை `-U` செய்கிறது:

```
gifsicle -U -d8 vilakku.gif $(seq -f "#%g" 0 2 98) \
  --resize-width 320 --colors 64 -O3 -o siriyathu.gif
```

அடுத்தது நிறம். ஜிஃப்பின் வண்ணப் பட்டியலில் 256 நிறம் வரை இடமுண்டு. சுடருக்கும் பித்தளைக்கும் 64 போதும். நிறம் குறையக் குறைய அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் ஒரே நிறமாகி, திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் நீளும். ஜிஃப்பின் சுருக்கும் முறை அந்த வரிசைகளை நம்பித்தான் இருக்கிறது. ‘டிதர்’ வசதியைப் போட்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாகத் தூவினால் வரிசைகள் உடைந்து ஃபைல் மறுபடி பருக்கும். ஆனால் டிதர் இல்லாவிட்டால், பின்சுவரில் ஒளி மங்கும் இடத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியலாம். தெரிந்தால் 64-ஐ 128 ஆக்கிப் பார்க்கலாம்.

கடைசியாக வரும் `-O3`, மாறாத சுவரை ஃபிரேமுக்கு ஃபிரேம் திரும்பச் சேமிக்காமல் விட்டுவிடும். படம் எடுத்தபோது கை நடுங்கியிருந்தால் மட்டும் அது பலிக்காது. சுவரும் சேர்ந்தே ஆடியிருக்குமே!