டே கேர் கட்டணம்: மாதம் எட்டாயிரம் என்றால் உண்மையில் எவ்வளவு?

சென்னையில் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் நுழைந்தால், ஓரிரண்டு தெருக்களுக்கு ஒரு டே கேர் போர்டு கண்ணில் படும். போர்டில் எந்த வயதுக் குழந்தைகளைச் சேர்ப்பார்கள் என்பது இருக்கும், போன் நம்பர் இருக்கும். கட்டணம் மட்டும் இருக்காது. அதை உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும். கேட்டால், "மாசம் எட்டாயிரம் வரும் மேடம்" என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அடுத்த தெருவில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்பார்கள். பெரும்பாலான பெற்றோர் இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டு மையங்களும் ஒரே பொருளை விற்கவில்லை. எட்டாயிரம் என்பது ஒன்பது மணி நேரத்துக்கு, சாப்பாடு இல்லாமல் இருக்கலாம். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்பது பத்தரை மணி நேரத்துக்கு, காலை டிபனிலிருந்து மாலைச் சிற்றுண்டி வரை சேர்த்து இருக்கலாம். இரண்டையும் ஒரே அளவுகோலில் கொண்டுவராமல் எது மலிவு என்று சொல்லவே முடியாது.

அதற்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது மையத்தின் கட்டணத் தாளை அல்ல, குடும்பத்தின் கடிகாரத்தை. ஒன்றரை வயதுக் குழந்தையுள்ள ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வேலை. ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கே குழந்தையை விட்டாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும், நெரிசலைத் தாண்டி மையத்துக்கு வந்து சேர 6.45 ஆகிவிடும். ஆக அவர்களுக்குத் தேவை 9 மணி முதல் 6.45 வரை, மாதத்துக்கு 22 நாள். கீழே வரும் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் அவரவர் ஊரில் கேட்ட தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் மையத்தில் மாதம் ரூ.8,000. நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. அதன் பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் ரூ.75. அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: அரை மணியின் ஒரு பகுதியும் முழு அரை மணியாகவே கணக்கிடப்படும். அதாவது 6.31க்கு வந்தால் இரண்டு அரை மணிக்கான பணம்.

இந்தத் தம்பதி தினமும் 6.45க்கு வருகிறார்கள். அப்படியானால் நாளொன்றுக்கு ரூ.150, மாதத்துக்கு ரூ.3,300. எட்டாயிரம் ரூபாய் மையம் முதல் மாதமே பதினோராயிரத்து முந்நூறு ரூபாய் மையம் ஆகிவிட்டது, சாப்பாடு இன்னும் கணக்கில் வரவே இல்லை.

தாமதக் கட்டணம் ஏன் இவ்வளவு? மாதம் ரூ.8,000ஐ 22 நாள், ஒன்பது மணி நேரம் என்று வகுத்தால் மணிக்குச் சுமார் ரூ.40 வருகிறது. தாமதமாகும் ஒரு மணி நேரத்துக்கோ ரூ.150, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மையத்தின் பக்கம் இதற்கு நியாயமான காரணம் உண்டு. பகலில் ஓர் அக்காவின் சம்பளமும் அந்தக் கூடத்தின் வாடகையும் பல குழந்தைகளுக்குப் பங்காகின்றன. ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு குழந்தை மிச்சமிருந்தாலும் அந்த அக்கா வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அரை நாள் கட்டணம் முழு நாள் கட்டணத்தில் சரிபாதியாக இல்லாததற்கும் இதுவே காரணம்: நான்கு மணி நேரத்துக்கு வரும் குழந்தைக்கும் ஓர் இடத்தை நாள் முழுக்க ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்குக் கட்டணம் கூடுவதும் அப்படித்தான்; ஒருவரால் கவனிக்க முடிகிற கைக்குழந்தைகள் சிலரே.

தாமதக் கட்டணத்துக்கு மாற்று வழி பல மையங்களில் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள்.

"மேடம், எனக்கு டெய்லி ஆறே முக்கால் ஆயிடும். அதுக்கு ஏதாவது பேக்கேஜ் இருக்கா?"

"ஏழு மணி வரைக்கும் வேணும்னா மாசம் ஆயிரத்து ஐந்நூறு எக்ஸ்ட்ரா. அதுக்கு மேல ஆனா மட்டும் லேட் ஃபீஸ்."

இந்த ஒரு கேள்வியால் மாதம் ரூ.3,300 என்பது ரூ.1,500 ஆகிவிடுகிறது. வருடத்துக்கு ரூ.21,600 மிச்சம். தினமும் உறுதியாகத் தேவைப்படும் நேரத்தை மாதக் கட்டணத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, மழையாலும் மீட்டிங்காலும் எப்போதாவது ஆகும் தாமதத்தை மட்டும் லேட் ஃபீஸுக்கு விட வேண்டும்.

நேரத்தை எந்த இடத்தில் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. வாசலில் ஒரு நோட்டு இருக்கும். விடும் நேரம், அழைத்துப்போகும் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டுதான் பில்லாகிறது. குழந்தைக்குச் செருப்பு மாட்டி, பையை எடுத்து, அன்று என்ன சாப்பிட்டது என்று விசாரித்த பிறகு கையெழுத்துப் போட்டால் அந்தப் பத்து நிமிடமும் பெற்றோர் கணக்கில்தான் ஏறும். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளும் மையங்களும் உண்டு. அதையும் வாய்ச்சொல்லாக விடாமல் கட்டணத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது சாப்பாடு. முதல் மையத்தில் மதிய உணவும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் சேர்த்து மாதம் ரூ.2,200, நாளொன்றுக்கு ரூ.100. ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு சின்னக் கிண்ணம் பருப்புச் சாதமும் அரை வாழைப்பழமும் சாப்பிட்டாலே அதிகம். ஆகவே சோற்றின் அளவை வைத்து நூறு ரூபாயை எடைபோட முடியாது. காலையில் வீட்டில் தனியாகச் சமைத்துக் கட்டும் நேரத்துக்கும் சேர்த்தே அந்த விலை. மூன்று கேள்விகள் இங்கே உதவும். மதிய உணவை மட்டும் எடுத்துக்கொண்டு சிற்றுண்டியை வீட்டிலிருந்து கொடுக்கலாமா? குழந்தை வராத நாளுக்குச் சாப்பாட்டுப் பணம் கழியுமா? சிற்றுண்டி என்பது சுண்டலும் பழமுமா, தினமும் பிஸ்கட்டா? வாரப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தாய்ப்பாலோ பால்பவுடரோ குடிக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டுக் கட்டணமே தேவையில்லை. அங்கே கேட்க வேண்டியது, எடுத்து வரும் பாலை வைக்க ஃபிரிட்ஜ் உண்டா, அதை யார் சூடு காட்டிக் கொடுப்பார்கள் என்பதுதான்.

மூன்றாவதாக, மாதக் கணக்கில் சேராமல் வருடத்துக்கு ஒருமுறை வருபவை. முதல் மையத்தில் அட்மிஷன் ரூ.5,000, ஆண்டுக் கட்டணம் ரூ.4,000. இரண்டாவது மையத்தில் அட்மிஷன் ரூ.10,000, ஆண்டுக் கட்டணம் ரூ.6,000; அங்கே நேரம் காலை 8.30 முதல் மாலை 7 வரை, ஏழேகால் வரை பொறுத்துக்கொள்வார்கள், சாப்பாடு கட்டணத்துக்குள்ளேயே அடக்கம்.

இப்போது முதல் வருடத்தைக் கூட்டிப் பார்க்கலாம். முதல் மையம்: ஏழு மணி பேக்கேஜோடு மாதம் ரூ.9,500, வருடத்துக்கு ரூ.1,14,000. சாப்பாடு ரூ.26,400. அட்மிஷனும் ஆண்டுக் கட்டணமும் ரூ.9,000. மாதத்தில் மூன்று நாள் ஏழு மணியைச் சில நிமிடம் தாண்டுவார்கள் என்று வைத்தால் லேட் ஃபீஸ் ரூ.2,700. மொத்தம் ரூ.1,52,100. இரண்டாவது மையம்: மாதக் கட்டணம் ரூ.1,50,000, மற்றவை ரூ.16,000. மொத்தம் ரூ.1,66,000.

கேட்டவுடன் சொன்ன தொகைப்படி இரண்டுக்கும் மாதம் ரூ.4,500 வித்தியாசம், வருடத்துக்கு ரூ.54,000. கூட்டிப் பார்த்த பிறகு அது ரூ.13,900 ஆகச் சுருங்கிவிட்டது. அட்மிஷன் இல்லாத இரண்டாவது வருடத்தில் ரூ.8,900தான். அந்த பேக்கேஜைக் கேட்காமல் தினமும் லேட் ஃபீஸ் கட்டியிருந்தால் முதல் மையத்தின் செலவு ரூ.1,73,700 ஆகியிருக்கும், மலிவென்று நினைத்துச் சேர்த்த இடம் மற்றதைவிடக் கூடுதலாக முடிந்திருக்கும். அதே சமயம், தாத்தா பாட்டி மாலை ஐந்தரைக்கே வந்து குழந்தையை அழைத்துப் போகும் வீட்டில், மதியச் சாப்பாடும் கட்டிக் கொடுத்தால், முதல் மையத்தின் முதல் வருடச் செலவு ரூ.1,05,000தான். அவர்களுக்கு இரண்டாவது மையம் வீண் செலவு. அதே கட்டணத் தாள்கள், வேறு கடிகாரம், வேறு விடை.

கட்டணத் தாளில் எழுதாத சிலதும் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போகாவிட்டாலும் மாதக் கட்டணம் பொதுவாகக் குறையாது. சேர்ந்த புதிதில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும் என்பதால் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் சலுகை உண்டா என்று கேட்கலாம். பண்டிகை விடுமுறை, சனிக்கிழமை வேலை ஆகியவற்றின் பட்டியலையும் வாங்க வேண்டும். மையம் மூடியிருந்து அலுவலகம் திறந்திருக்கும் நாளுக்கு வேறு ஏற்பாடும் அதற்கான செலவும் பெற்றோருடையவை. டயப்பர் தீர்ந்துபோனால் எடுத்துப் போட்டு பில்லில் ஏற்றுவார்களா, மாறுவேடப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் தனியாகக் கேட்பார்களா, சொன்ன தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டா என்பவையும் இந்த வரிசையில் வரும். காலையில் பிளே ஸ்கூலும் மதியத்துக்கு மேல் டே கேரும் சேர்ந்து நடக்கும் இடங்களில், பிளே ஸ்கூல் கட்டணம் தனி ரசீதாக வரக்கூடும்.

பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் மனிதவளத் துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி ஏற்படுத்த வேண்டும் என்றது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் அனுமதி தந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. சில நிறுவனங்கள் தாங்களே நடத்துகின்றன, சில வெளி மையங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. செலவில் எவ்வளவை நிறுவனம் ஏற்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், தம்பதி இருவருமே தத்தம் அலுவலகத்தில் கேட்பது நல்லது.

சேர்க்கையின்போது வாங்கும் பணத்தில் எது திரும்ப வரும் என்பது ரசீதில் தனித்தனியாக இருக்க வேண்டும். அட்மிஷன் பொதுவாகத் திரும்பாது, டெபாசிட் திரும்ப வேண்டும். ஆனால் நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொன்னால்தான் டெபாசிட் என்ற நிபந்தனை பல படிவங்களில் இருக்கிறது. வேலை மாறியோ வீடு மாறியோ திடீரென்று கிளம்புபவர்கள் இழப்பது அந்தத் தொகையைத்தான். கட்டணம் எந்த மாதத்தில் உயரும், போன வருடம் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். அங்கே ஏற்கெனவே குழந்தையை விட்டிருக்கும் ஒரு பெற்றோரிடம் போன மாத பில்லைக் காட்டச் சொன்னால், கட்டணத் தாள் சொல்லாத வரிகளும் அதில் தெரிந்துவிடும்.